ஆறு நாள் பெட்டியில், ஒரு நாள் வயலில்: சிறிய ட்ரோனுக்கான வாராந்திரச் சோதனை

தினமும் பறக்கும் ட்ரோன் தேய்ந்து கெடும். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் ட்ரோன் பெரும்பாலும் பெட்டிக்குள் கிடக்கும் ஆறு நாளில்தான் கெடும். பேட்டரி முழு சார்ஜில் கிடந்து உப்பிப்போகும். மோட்டாருக்குள் நுழைந்த மண் அங்கேயே தங்கிவிடும். போன வாரம் இறங்கும்போது ப்ரொப்பெல்லர் வரப்பில் உரசியது யாருக்கும் நினைவிருக்காது. அதனால் சோதனைப் பட்டியல் பறக்கப் போகும் காலையில் தொடங்கக் கூடாது. முந்தைய வாரம் இறங்கிய நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். வயலில் கண்ணில் படும் கோளாறை அங்கே சரிசெய்ய முடியாது. இறங்கியதும் கண்ணில் பட்டால் கையில் ஆறு நாள் இருக்கிறது.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு குறிப்பிட்ட ட்ரோனை எடுத்துக்கொள்வோம். காவிரி டெல்டாவில் நெல் வயலை வாரம் ஒருமுறை 60 மீட்டர் உயரத்திலிருந்து வரிசையாகப் படமெடுக்கும் நான்கு மோட்டார் ட்ரோன். எடை 1.6 கிலோ, 10 அங்குல ப்ரொப்பெல்லர், 4 செல் 5200 mAh லிப்போ பேட்டரி, வட்டமான கார்பன் குழாய்க் கைகள். பறப்பைக் கட்டுப்படுத்துவது ஆர்டுபைலட் மென்பொருள், அதன் அமைப்புகளையும் பதிவுகளையும் லேப்டாப்பில் பார்க்க மிஷன் பிளானர். ஒரே இடத்தில் மிதக்கும்போது சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். ஒரு பறப்பு 12 நிமிடம். வேறு தயாரிப்பாக இருந்தால் எண்கள் மாறும், சோதனையின் வரிசை மாறாது.

இறங்கிய முதல் ஐந்து நிமிடம்

ப்ரொப்பெல்லர்கள் நின்றதும் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ரிமோட்டை அணைக்க வேண்டும். கிளம்பும்போது இதற்கு நேர்மாறு: முதலில் ரிமோட், பிறகு பேட்டரி. ட்ரோனுக்கு மின்சாரம் இருக்கும் எந்த நொடியிலும் ரிமோட்டின் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கக் கூடாது.

பேட்டரி வெளியே வந்த உடனே நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் மூன்று நான்கு நிமிடம் தாமதித்தால் பயனில்லை. சூடு காப்பர் சுற்றுகளில் இருப்பதால் சுழலும் மேல்மூடியைத் தொடாமல், மோட்டாரின் அடிப்பாகத்தில் விரலை வைத்து மூன்று நொடி எண்ண வேண்டும். சித்திரை வெயிலில் எல்லாமே சுடும் என்பதால் எவ்வளவு சூடு என்பது பெரிதில்லை. நான்கில் எது மற்றதைவிடச் சூடு, அந்த வித்தியாசம் எந்த வடிவில் இருக்கிறது என்பதே தேவை.

ஒரே ஒரு மோட்டார் மட்டும் சூடாக இருந்தால் அந்த மோட்டாரின் பேரிங்கையோ, அதன் ப்ரொப்பெல்லரையோ சந்தேகிக்கலாம். பின்பக்க இரண்டும் சூடு, முன்பக்க இரண்டும் மிதம் என்றால் பேட்டரி பின்னால் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது; எடைமையத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரண்டும் சூடு, மற்ற இரண்டும் மிதம் என்றால்தான் நின்று யோசிக்க வேண்டும்.

அப்படி ஒரு பறப்பை முழுதாகப் பார்ப்போம். முன்வலமும் பின்னிடமும் மிதமான சூடு. முன்னிடமும் பின்வலமும் விரல் வைக்க முடியாத சூடு. வெளியே பார்த்தால் ட்ரோன் நன்றாகத்தான் பறந்தது, படங்களும் சரி. ஆர்டுபைலட்டின் நான்கு மோட்டார் எக்ஸ் அமைப்பில் முன்வலம் மோட்டார் 1, பின்னிடம் 2, முன்னிடம் 3, பின்வலம் 4. ஒன்றும் இரண்டும் இடஞ்சுழியாக ஓடும், மூன்றும் நான்கும் வலஞ்சுழியாக ஓடும். பறப்பின் பதிவான லாக்கைத் திறந்து, காற்றில்லாமல் மிதந்த பகுதியில் ஒவ்வொரு மோட்டாருக்கும் போன கட்டளையைக் காட்டும் RCOU வரியைப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
RCOU.C1  1485
RCOU.C2  1490
RCOU.C3  1590
RCOU.C4  1600
```

வலஞ்சுழி இணை மற்ற இணையைவிட நூறுக்கும் மேல் கூடுதலாக உழைக்கிறது. ட்ரோன் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது, அதைத் தடுக்கக் கட்டுப்பாட்டுப் பலகை ஓர் இணையைக் கூட்டி மற்றதைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். காரணம் பெரும்பாலும் கைதான். வட்டக் குழாய் தன் கிளாம்ப்புக்குள் இரண்டு மூன்று டிகிரி முறுகியிருக்கும். அந்த மோட்டார் நேர்மேலே தள்ளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும், அந்தப் பக்கத் தள்ளல் முழு உடலையும் சுழற்றப் பார்க்கும். போன வாரம் இறங்கும்போது ஒரு கால் வரப்பில் தட்டியிருந்தாலே இது நடக்கும்.

சாதாரண நாளில் இதனால் பறப்பு கெடாது, அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது. ஆடி மாதக் காற்றில், பேட்டரி இறங்கிய கடைசி நிமிடங்களில், ஏற்கெனவே அதிகமாக உழைக்கும் அந்த இணைக்கு மேலும் கூட்ட இடம் இருக்காது. அப்போது ட்ரோன் உயரத்தை இழக்கும், இல்லையென்றால் சொன்ன திசையில் நிற்காமல் சுழலத் தொடங்கும்.

சரிசெய்வது எளிது. ட்ரோனைச் சமதளத்தில் வைத்து, ஒரு கையின் நுனிக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை ப்ரொப்பெல்லர் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த மோட்டாரின் ப்ரொப்பெல்லரையும் எதிர்மூலை மோட்டாரின் ப்ரொப்பெல்லரையும் பார்வைக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தினால் இரண்டும் ஒரே கோட்டில் படிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் அந்தக் கிளாம்ப்பின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ரசமட்டம் வைத்து நேராக்கி இறுக்க வேண்டும். பிறகு குழாயும் கிளாம்ப்பும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. அடுத்த வாரம் அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தால் கை மறுபடி முறுகியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தலைகளிலும் இதே கோட்டைப் போட்டுவைத்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமலே எது தளர்ந்தது என்று பார்த்துவிடலாம்.

பேட்டரி கனெக்டரையும் அதே நேரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். வயரைவிடக் கனெக்டர் சூடாக இருந்தால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. பின் நுனியில் கருப்புப் புள்ளி தெரிந்தால் அதை மாற்றும்வரை பறக்க வேண்டாம். ஆகாயத்தில் அந்தத் தொடர்பு ஒரு நொடி விட்டால் ட்ரோன் கல்லைப் போல விழும்.

வீட்டுக்கு வந்த பிறகு

லிப்போ பேட்டரிக்குக் கெடுதல் செய்பவை இரண்டு: முழு சார்ஜில் நாள்கணக்கில் கிடப்பதும் வெப்பமும். செல்லுக்கு 4.20 வோல்ட்டில் கிடக்கும்போது உள்ளே இருக்கும் திரவம் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகும், உள்தடையும் ஏறும். சூடான இடத்தில் இது பல மடங்கு வேகமாக நடக்கும். வெயிலில் நிற்கும் கார் அதற்கு மிக மோசமான இடம்.

ஆறு நாள் ஓய்வுக்குச் சரியான நிலை செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட். நான்கு செல்லுக்கு 15.2 முதல் 15.4. 12 நிமிடத்தோடு இறங்கிவிட்டால் 5200-இல் ஏறக்குறைய 2900 mAh செலவாகியிருக்கும்; அரை மணி ஆறவிட்டு அளந்தால் செல் 3.75-ஐ ஒட்டி நிற்கும். அதாவது பேட்டரி கிட்டத்தட்ட ஓய்வு நிலையிலேயே வீடு வந்து சேர்கிறது. சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பறப்பை 16 நிமிடம்வரை இழுக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். உள்ளங்கைக்குக் குளிர்ந்த பிறகே சார்ஜரில் மாட்ட வேண்டும்.

பறக்காமல் திரும்பிய பேட்டரிதான் அதிகம் மறக்கப்படுவது. ஐப்பசி, கார்த்திகையில் மழையால் வேலை நின்றுபோகும். முழுதாக ஏற்றிய இரண்டு பேட்டரிகள் அடுத்த வாரத்துக்கு ஆகும் என்று அப்படியே அலமாரிக்குப் போகும். இப்படி நாலைந்து முறை நடந்தால் ஒரு பருவத்துக்குள் அவை உப்பிவிடும். இரண்டு நாளுக்குள் பறக்கப் போவதில்லை என்று தெரிந்தால் அன்றிரவே சார்ஜரில் வைத்து ஓய்வு நிலைக்கு இறக்கிவிட வேண்டும். உப்பல் தெரிய பேட்டரியைக் கண்ணாடி மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்லது அசையாமல் உட்காரும், உப்பியது தொட்டில் போல ஆடும். செல் அளக்கும் சின்ன பஸ்ஸரை பேட்டரியில் மாட்டியபடி விட்டுவிடுவது இன்னொரு பொதுவான தவறு. அது தன் மின்சாரத்தைச் செல்களிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வாரக் கடைசியில் திறந்தால் பேட்டரி மீளாத அளவுக்கு இறங்கியிருக்கும்.

அடுத்தது மோட்டார். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். காந்தத்தின் இழுப்பினால் விட்டுவிட்டு நகர்வது இயல்பு. அதற்கு நடுவே நறநறவென்று ஒரு உறுத்தல் தெரிந்தால் மண். மேல்மூடியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆற்று மணலிலும் செம்மண்ணிலும் காந்தத்தில் ஒட்டும் கரும்பொடி இருக்கிறது, அது உள்ளே காந்தங்களின் மேல் மீசை போல முளைத்து நிற்கும். காற்று ஊதினால் போகாது. செல்லோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி ஈர்க்குச்சியில் சுற்றி, இடைவெளியில் விட்டு ஒற்றி எடுத்தால் வந்துவிடும். இது வராமல் தடுக்க, ஏறி இறங்க ஒரு கனமான தளம் வேண்டும். லேசான படுதாவை விரித்தால் காற்றில் எழும்பி ப்ரொப்பெல்லரில் சிக்கும், சணல் சாக்கின் நூல் மோட்டார் தண்டில் சுற்றிக்கொள்ளும். ஒரு மீட்டர் அகல ரப்பர் மேட்டோ ப்ளைவுட் பலகையோ நல்லது.

லாக்கில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். அதிர்வைக் காட்டும் VIBE வரியில் VibeX, VibeY, VibeZ மூன்றும் 30-க்குக் கீழே இருக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் உயரத்தையும் இடத்தையும் பிடித்து நிற்பது கெட்டுப்போகும். அதிர்வு சென்சாரின் எல்லையை மீறிய தடவைகளைச் சொல்லும் Clip எண்ணிக்கை ஏறாமல் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். நான் இந்த எல்லைகளைவிட வாரத்துக்கு வாரம் வரும் மாற்றத்தைத்தான் அதிகம் நம்புவேன். வழக்கமாக 12-இல் இருந்தது திடீரென்று 22 என்றால் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒரு ப்ரொப்பெல்லரோ ஸ்க்ரூவோ மாறியிருக்கிறது.

பறப்பதற்கு முந்தைய மாலை

பேட்டரியை 1C-இல் ஏற்ற வேண்டும், அதாவது 5200 mAh-க்கு 5.2 ஆம்பியர். முடிந்ததும் நான்கு செல்களின் வோல்ட்டையும் குறித்துவைத்து, காலையில் மறுபடி அளக்க வேண்டும். மாலையில் 4.20, 4.20, 4.19, 4.20 என்று இருந்தது காலையில் 4.19, 4.19, 4.19, 4.14 என்றால் நான்காவது செல் உள்ளுக்குள் கசிகிறது. மொத்தமாகப் பார்த்தால் 16.71 வோல்ட், எந்தத் திரையும் எச்சரிக்காது. பறக்கும்போது அந்த ஒரு செல்தான் முதலில் சரியும். அந்த பேட்டரி வீட்டிலேயே இருக்கட்டும்.

கட்டுப்பாட்டுப் பலகை சொன்ன செலவையும் சார்ஜர் திருப்பி ஏற்றியதையும் ஒப்பிடுவது நல்ல பழக்கம். பலகை 2900 என்று சொன்னது. ஸ்டோரேஜில் ஏறியதும் இப்போது ஏறியதும் சேர்த்து 3000 என்றால் சரி. 3400 என்றால் பலகை மின்னோட்டத்தைக் குறைத்துக் காட்டுகிறது. மின்னோட்ட அளவைத் திருத்தும் BATT_AMP_PERVLT அமைப்பை அந்த விகிதத்தில் கூட்ட வேண்டும்.

ப்ரொப்பெல்லரைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லக் கூடாது. விளிம்பு நெடுகக் கட்டைவிரல் நகத்தை இழுத்துச் செல்லுங்கள், கண்ணுக்குத் தெரியாத வெட்டில் நகம் தட்டும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நடுத்துளையைச் சுற்றி லேசாக வளைத்தால், விரிசல் வெள்ளைக் கோடாகத் தெரியும். நடுவில் விரிசல் இருந்தால் உடைத்துக் குப்பையில் போட வேண்டும். முழுதாக வைத்தால் யாராவது ஒருநாள் மறுபடி மாட்டிவிடுவார்கள்.

மெமரி கார்டைக் காலி செய்து கேமராவுக்குள்ளேயே போட்டுவைப்பது, லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவைப்பது இரண்டும் இந்த மாலை வேலைகள். எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பச்சைப் பகுதியில் 120 மீட்டர்வரை பறக்கலாம். ஆனால் வரைபடம் மாறக்கூடியது, அதோடு தஞ்சையில் விமானப்படைத் தளம் இருக்கிறது. போன வாரம் பச்சை என்பது இந்த வாரத்துக்கு ஆதாரம் ஆகாது.

வயலில்

காரிலிருந்தும் மதகிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளி ட்ரோனை வைக்க வேண்டும். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும். குழம்பிய திசைகாட்டியோடு ஏறினால், ஒரே இடத்தில் நிற்கச் சொன்ன ட்ரோன் வட்டமடிக்கும், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். பேட்டரியைச் செருகியதும் திரையில் தயார் என்று வரும்வரை தொடவே கூடாது; அந்த நேரத்தில்தான் கைரோ தன் பூஜ்ஜியத்தை எடுத்துக்கொள்கிறது. ட்ரோனின் மூக்கை ஒரு நேரான வரப்புக்கு இணையாக வைத்து, திரையில் சிவப்புக் கோடு அதே வரப்பின் மேல் படிகிறதா என்று பாருங்கள். பத்து டிகிரிக்கு மேல் விலகினால் இடத்தை மாற்றிவைத்துப் பார்த்து, அப்போதும் விலகினால் மட்டும் அளவுதிருத்தம். ஒவ்வொரு வாரமும் அளவுதிருத்தம் செய்வது தேவையில்லை. கெட்ட இடத்தில் செய்தால் நல்லதையும் கெடுத்துவிடும்.

ஜிபிஎஸ் இந்த வேலையில் எப்போதும் தாமதமாகத்தான் பிடிக்கும். செயற்கைக்கோள்களின் இருப்பிடத் தகவல் சில மணி நேரத்துக்குத்தான் செல்லும், ஒரு வாரம் மின்சாரம் இல்லாமல் இருந்த ரிசீவர் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். ஜிபிஎஸ் இடத்தைப் பிடித்ததும் மோட்டார்களை ஓடத் தயாராக்கும் ஆர்ம் கட்டளையைக் கொடுக்காமல், இடப் பிழை எவ்வளவு என்று காட்டும் HDOP எண் 1-க்குக் கீழே இறங்கி ஒரு நிமிடம் அப்படியே நிற்கட்டும். ஆர்ம் செய்யும் நொடியில் இருக்கும் இடமே ஹோம். அவசரப்பட்டால் ஹோம் பக்கத்து வாய்க்காலில் விழும், ட்ரோன் அங்கேதான் திரும்பி வந்து இறங்கும்.

காப்பு அமைப்புகளை ஒவ்வொரு வாரமும் திரையில் வாசித்து உறுதி செய்ய வேண்டும். ஏதாவது காரணத்துக்கு மென்பொருளை மறுபடி ஏற்றியிருந்தால் இவை தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கக்கூடும்.

```
RTL_ALT          3500
FS_THR_ENABLE    1
BATT_LOW_VOLT    14.0
BATT_FS_LOW_ACT  2
BATT_CRT_VOLT    13.4
BATT_FS_CRT_ACT  1
```

RTL_ALT என்பது ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரம், சென்டிமீட்டரில். தொழிற்சாலை நிலை 1500, அதாவது 15 மீட்டர். நெட்டைத் தென்னை 25 மீட்டர் வளரும். தாழப் பறக்கும்போது தொடர்பு அறுந்து ட்ரோன் திரும்பினால் 15 மீட்டரில் வந்து தென்னை மட்டையில் மோதும். வழியில் இருக்கும் உயரமான பொருளோடு 10 மீட்டர் கூட்டிப் போட வேண்டும். மின்கோபுரம் இருந்தால் 35 போதாது. FS_THR_ENABLE 1 என்றால் ரிமோட் தொடர்பு அறுந்ததும் ட்ரோன் திரும்பும். பேட்டரி வோல்ட் LOW எல்லைக்கு இறங்கினால் 2, அதாவது திரும்புவது; CRT எல்லைக்கு இறங்கினால் 1, அதாவது இருக்கும் இடத்திலேயே இறங்குவது. BATT_LOW_VOLT தொழிற்சாலை நிலையில் 10.5. அது மூன்று செல்லுக்கான எண், நான்கு செல் பேட்டரி செத்தே போனாலும் அந்த எச்சரிக்கை வராது.

ஏறியதும் மூன்று மீட்டரில் முப்பது நொடி நிறுத்த வேண்டும். இந்த முப்பது நொடியை விட்டுக்கொடுக்கவே கூடாது. சத்தத்தில் புது ஊளை இருக்கிறதா, ஒரு பக்கம் நகர்கிறதா என்று பார்த்துவிட்டு, முப்பதாவது நொடியில் வோல்ட்டைச் சத்தமாகச் சொல்ல, கூட இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். புது பேட்டரி 16.1 காட்டும். வாரங்கள் போகப்போக 16.1, 16.0, 16.0, 15.9 என்று இறங்கும். புதிதில் இருந்ததைவிட 0.4 வோல்ட் குறைந்து 15.7-க்கு வந்துவிட்டால் உள்தடை ஏறிவிட்டது. அந்த பேட்டரியை வயலுக்கு எடுக்காமல் வீட்டில் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 60 மீட்டருக்கு ஏற்றி, ஒரே இடத்தில் நிற்க வைக்கும் லாய்ட்டர் முறையில் நிறுத்திச் சாய்வைப் பாருங்கள். கீழே நெற்பயிர் லேசாக அசையும் காற்று மேலே இரட்டிப்பாக இருக்கலாம். நிற்பதற்கே விடாமல் 15 டிகிரி சாய்ந்துகொண்டிருந்தால் அன்று பறக்க வேண்டாம். சாய்வு குறைவென்றால் வழியை எதிர்க்காற்றில் தொடங்கி, திரும்பி வருவது காற்றோடு இருக்கும்படி அமைக்க வேண்டும். வல்லூறோ பருந்தோ வட்டமிட்டு நெருங்கினால் கீழே இறக்காமல் நேர்மேலே ஏற்றுங்கள், அவை மேலிருந்துதான் பாயும்.

நோட்டில் ஒரு பறப்புக்கு ஒரு வரி போதும்: தேதி, பேட்டரி எண், முப்பதாவது நொடி வோல்ட், செலவான mAh, நான்கு மோட்டார்களின் சூடு, VibeZ. மோட்டார் சூட்டை மிதம், மிதம், சூடு, சூடு என்று 1 முதல் 4 வரிசையில் எழுதுங்கள். மூலைவிட்டமா, பின்பக்கமா என்பது அந்த வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ப்ரொப்பெல்லர் மாற்றிய நாளையும், எங்காவது உரசிய நாளையும் அதே வரியின் ஓரத்தில், எந்த மோட்டார் என்ற எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும்.